உறவும் உழவும் மட்டும் தெரிந்தால்: பாட்டிக்கு நினைவுரை எழுதும் முறை

பதினாறாம் நாள் படத்திறப்பு. பேரனோ பேத்தியோ மைக்கில் நாலு வார்த்தை பேச வேண்டும். எழுதித் தரச் சொல்லி உங்களிடம் வருகிறார்கள். என்ன தெரியும் என்று கேட்டால், "எங்க பாட்டிங்க, காலம் பூரா விவசாயம் பார்த்தவங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பேசப்போகிறவர் வெளியூரில் படித்து அங்கேயே வேலைக்குப் போனவராக இருந்தால் அவருக்கே அதற்கு மேல் தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, இல்லாத தகவலின் இடத்தை அடைமொழியால் நிரப்புவது. "அன்பின் இமயம், பாசத்தின் ஊற்று, மண்ணை நேசித்த மாதரசி" என்று எழுதிவிட்டால் இரண்டு நிமிடம் ஓடிவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த அம்மாவோடு நாற்பது வருஷம் சேற்றில் நின்றவர்கள். அவர்கள் காதில் அது அடுத்த தெரு இறப்புக்கும் பொருந்துகிற பேச்சாகத்தான் விழும். கையில் இருக்கிற இரண்டு தகவலையும் பிரித்துப் பார்த்தால், அவற்றிலிருந்தே கணிசமாக எழுத முடியும்.

காவிரி டெல்டாவில் நெல் விவசாயம் பார்த்த ஒரு பாட்டியை உதாரணமாக வைத்து இந்த முறையைச் சொல்கிறோம். மானாவாரிக் கடலையோ மஞ்சளோ போட்டவர் என்றால் பயிரும் பருவமும்தான் மாறும்.

1. எந்தப் பாட்டி என்று முதலில் கேளுங்கள்

பேச்சில் "பாட்டி" என்ற பொதுச்சொல்லை வைக்காதீர்கள். வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ அதையே வையுங்கள். திருச்சி, தஞ்சைப் பக்கம் அப்பாயி, அம்மாயி. மதுரை, சிவகங்கைப் பக்கம் அப்பத்தா, அம்மாச்சி. நெல்லையில் ஆச்சி. யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா. ஒரே ஊரில்கூட வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதால் கேட்காமல் எழுதக் கூடாது.

அந்தச் சொல் தெரிந்தவுடன் இன்னொன்றும் தெரிந்துவிடும். அப்பாவைப் பெற்றவர் என்றால் அநேகமாக வேறு ஊரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர். அவர் பாடுபட்ட மண் அவர் பிறந்த மண்ணாக இருக்காது. அம்மாவைப் பெற்றவர் என்றால், பேசுகிறவர் அவரைப் பெரும்பாலும் லீவு நாட்களில்தான் பார்த்திருப்பார். கோடை விடுமுறையில் டெல்டா வயலில் பெரும்பாலும் நெல் இருக்காது. உளுந்து, பயறு எடுத்த தரிசுதான். ஆகவே "அம்மாயியோட பச்சை வயல்ல ஓடி விளையாடினேன்" என்று எழுதிக் கொடுத்தால் கேட்பவர்களுக்கு உறுத்தும். பொங்கல் லீவு என்றால் அறுப்புக் காலம், அது பொருந்தும். உறவுக்குள்ளேயே கல்யாணம் நடந்து அதே ஊரில் பிறந்து வாழ்ந்தவர்களும் உண்டு என்பதால், பிறந்த ஊர் எது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

2. "விவசாயி" என்பதற்குள் என்ன இருக்கிறது

சொந்த நிலத்தில் பாடுபட்டவரும் விவசாயிதான். குத்தகைக்குச் செய்தவரும், நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போனவரும், ரெண்டு மாடு வைத்துக்கொண்டு இவை எல்லாவற்றையும் மாறி மாறிச் செய்தவரும் விவசாயிதான். பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்து "விவசாயம் பார்த்தாங்க" என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு வித்தியாசம் தெரியும். கூலிக்கு நட்டவரை "தன் கழனியை" என்று எழுதினால், நில உடைமைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குடும்பம் கூசிப்போகும். குத்தகைக்காரர் வீட்டில் "எங்க நிலம்" என்று சொல்லிவிட்டால் பழைய வழக்கு ஒன்று கிளம்பக்கூட வாய்ப்பு உண்டு. விடை கிடைக்காதபோது நிலத்துக்கு உரிமைச் சொல் போடாமல் "வயல்ல பாடுபட்டாங்க" என்று எழுதுங்கள். எல்லா நிலைக்கும் அது உண்மை.

சொந்த நிலம் என்று சொன்னார்கள் என்றால் அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்தால் பரப்பு வரும். அங்கே ஹெக்டேர்–ஏர் கணக்கில்தான் இருக்கும்; மேடையில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. டெல்டாவில் மா, வேலிதான் பேச்சு. ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி. 0.80 ஹெக்டேர் என்று பட்டாவில் இருந்தால் "ஆறு மா" என்று எழுதிக் கொடுங்கள். பட்டாவில் பாட்டியின் பெயர் இல்லாமல் தாத்தாவின் பெயரோ மாமனாரின் பெயரோ இருப்பது சாதாரணம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது. அதிலும் அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் சேரவில்லை. எனவே காகிதத்தில் பெயர் இல்லை என்பதால் அவர் விவசாயி இல்லை என்று ஆகிவிடாது.

3. கேட்காமலே எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப் பக்கம், அந்தப் பகுதியில் அந்தத் தலைமுறைப் பெண் வயல் வேலை செய்தார் என்றாலே உண்மையாக இருக்கக்கூடியது. வலப் பக்கம், அவர் ஒருவரைப் பற்றி யாராவது சொன்னால் மட்டுமே எழுதக்கூடியது.

டெல்டாவில் எண்பதைத் தொட்ட ஒருவருக்கு இடப் பக்கத்தில் தாராளமாகச் சரக்கு உண்டு. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்த வேலைகள். அறுப்பிலும் தூற்றலிலும் அவர்கள் பங்கு உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை. இல்லாவிட்டால் சம்பா மட்டும். 2012 முதல் 2019 வரை அந்தத் தேதியில் அணை திறக்கவே இல்லை. அதற்கு முந்தைய காலத்தில், 1960-களின் நடுவில், ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற புதிய நெல் ரகங்கள் வந்து சாகுபடியின் நடையையே மாற்றின. நட்ட கையும் அறுத்த கையும் இருந்த இடத்துக்குக் கடைசியில் மெஷின் வந்தது. இவ்வளவையும் அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது.

"அதிகாலை நாலு மணிக்கு எழுந்து வயலுக்குப் போவார்", "மேகத்தைப் பார்த்தே மழை சொல்வார்", "மாட்டைப் பிள்ளையாக வளர்த்தார்" என்பவை வலப் பக்கம். எழுதும்போது தானாகவே கைக்கு வருகிற வரிகள் இவை. அந்த அம்மா மாடே வைத்திருக்காமல் இருந்திருக்கலாம். ஏர் உழுதார் என்பதை மட்டும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்: பெண் ஏர் பிடிப்பது பெரும்பாலான ஊர்களில் வழக்கம் இல்லை. யாரும் சொல்லாமல் எழுதினால் அபத்தம். நிஜமாகவே பிடித்தார் என்று யாராவது சொன்னால், உரையிலேயே பெரிய செய்தி அதுதான். மற்றதைச் சுருக்கிவிட்டு அதற்கு இடம் கொடுங்கள்.

வயதையும் வலப் பக்கத்தில் வையுங்கள். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி பல முதியவர்களுக்கு உத்தேசமாகப் போட்டது. "எண்பத்தி மூணு வயசு" என்று அடித்துச் சொல்லாமல் "எண்பதைத் தாண்டினவங்க" என்றால் தங்கச்சிக்காரி எழுந்து திருத்த மாட்டார்.

4. இரண்டு பேருக்கு போன் போடுங்கள்

நேரம் இருந்தால் இதுதான் முக்கியமான கட்டம். அரைமணி போதும். கேட்க வேண்டியது மகனை அல்ல. துக்கத்திலும் காரிய வேலையிலும் இருப்பவர் "எங்களை ஆளாக்கினாங்க" என்பதைத் தாண்ட மாட்டார். மருமகளைக் கேளுங்கள், வீட்டுக்குள் விதைநெல் எங்கே இருந்தது, பத்தாயத்துச் சாவி யாரிடம் இருந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடுத்து, கூட நடவுக்குப் போன ஒருவரையோ பக்கத்து வயல்காரரையோ பிடியுங்கள்.

கேள்வி குணத்தைப் பற்றி இருக்கக் கூடாது. "எப்படிப்பட்டவங்க?" என்றால் "தங்கமானவங்க" என்று பதில் வரும், அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. கையையும் இடத்தையும் கேளுங்கள். எந்த வேலையை வேறு யாரையும் செய்ய விடமாட்டாங்க? வயலிலிருந்து திரும்பும்போது கையில் என்ன இருக்கும்? தண்ணி விஷயத்தில் யாரோடு மல்லுக்கு நின்னாங்க? கடைசியாக வயலுக்கு எப்போது, எதற்காகப் போனாங்க? இந்த நாலும் போதும். மூன்றாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் வரும். சண்டை போட்டவர் பெயரை உரையில் போடாமல் சண்டையை மட்டும் போடலாம்.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். "எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னயா, பின்னயா?" என்றால் 1987 டிசம்பருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். "கஜா புயல் அப்ப வயலுக்குப் போய்க்கிட்டிருந்தாங்களா?" என்றால் 2018 நவம்பர் நிலைமை தெரியும். உரையிலும் அப்படியே எழுதுங்கள், வருஷ எண்ணாக மாற்ற வேண்டாம்.

5. யாரும் கிடைக்கவில்லை என்றால்: இரண்டு தகவலில் ஒரு உரை

நாளைக் காலை படத்திறப்பு, இரவு பத்து மணிக்குக் கேட்கிறார்கள். அப்போது நீளத்தைக் குறைத்துவிடுங்கள். தெரியாததை மறைக்காமல் கேட்பவர்களிடமே ஒப்படைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அப்பாயியோட பேரன். அவங்க விவசாயம் பார்த்தவங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னு சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஏன்னா இங்க உட்கார்ந்திருக்கிற பல பேர் அவங்களோட ஒரே வரப்புல நின்னவங்க. நாத்துப் பறிச்சு, நட்டு, களையெடுத்து, அறுத்து, தூத்தின தலைமுறை அது. நாங்க படிச்ச படிப்புக்குக் கட்டின பணத்துல அந்தத் தலைமுறையோட உழைப்பு இருக்கு. தண்ணி வந்த வருஷத்தையும் வராத வருஷத்தையும் பார்த்தவங்க. நான் பார்க்காத அப்பாயியை நீங்க பார்த்திருக்கீங்க. சாப்பிட்டு முடிச்சதும் எங்ககிட்ட ஒரு விஷயமாவது சொல்லிட்டுப் போங்க. நாங்க எழுதி வச்சுக்கிறோம்."

நிதானமாகப் படித்தால் இது ஒரு நிமிடத்துக்குள் முடியும், அதுவே போதும். கடைசி வரியைச் சொன்னால் பந்திக்குப் பிறகு நிஜமாகவே நாலு பேர் வந்து பேசுவார்கள், அதனால் ஒரு நோட்டையும் பேனாவையும் தயாராக வையுங்கள். முப்பதாம் நாளுக்கோ வருஷ திதிக்கோ அதில் நிறைவான உரை கிடைக்கும்.

6. பதில் கிடைத்தால்: அதே உரை எப்படி மாறுகிறது

போனில் இப்படிப் பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு மா குத்தகை. நடவாட்களைக் கூட்டிப்போவது இவர் பொறுப்பு. குத்துக்கு மூன்று நாற்றுக்கு மேல் வைத்தால் விடமாட்டார், பிடுங்கி எண்ணிப் பார்த்து வைவார், கஞ்சத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு, ஆனால் மற்றவர்கள் நாற்றுக்கு அலைந்தபோது இந்த வீடு அலையவில்லை. வாய்க்கால் மடைக்குச் சண்டை போட்டிருக்கிறார், எதிரே நின்றவரும் படத்திறப்புக்கு வருகிறார். கஜாவுக்குப் பிறகு வயலுக்குப் போகவில்லை. அவருடைய கருக்கரிவாள் இன்னும் கூரை இறவாணத்தில் செருகியிருக்கிறது.

ஆறு செய்தி இருக்கிறது. எல்லாவற்றையும் அடுக்கினால் எதுவும் நிற்காது. ஒன்றை அருகில் போய்க் காட்டி, மற்றவற்றைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். நாற்று விஷயத்தைத் தேர்ந்தெடுப்போம், காரணம் அதற்குள் தொழில் இருக்கிறது. கூலிக்கு நடுகிறவர்கள் வேகத்தில் கொத்தாக ஐந்தாறு நாற்றை வைத்து ஊன்றிவிடுவார்கள். ஏக்கருக்கு எட்டு சென்ட் என்று விட்ட நாற்றங்கால் அப்போது பாதி வயலிலேயே தீர்ந்துபோகும். குத்தும் நெருங்கித் தூர் வெடிக்காது. இதை எழுதுகிறவர் தெரிந்துவைத்திருந்தால்தான் "மூணு நாத்து" என்ற பேச்சு வெறும் கண்டிப்பாகத் தெரியாமல் கணக்காகத் தெரியும்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாயிக்கு ஆறு மா குத்தகை. நடவுன்னா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போறது அவங்க வேலை. எல்லாரும் நட்டுக்கிட்டே பின்னாடி வருவாங்க, அப்பாயி மட்டும் கொஞ்சம் நேரத்துக்கு ஒரு தடவை நின்னு, நட்டு முடிச்ச பக்கம் போயி ஒரு குத்தைப் பிடுங்கி எண்ணுவாங்களாம். மூணு இருந்தா அதே இடத்துல ஊனிடுவாங்க. அஞ்சு இருந்தா அன்னிக்கு யாரோ ஒருத்தருக்கு வசவு. கூட நட்டவங்க இங்கதான் இருக்கீங்க, நான் சொல்றது சரியான்னு நீங்கதான் சொல்லணும். அவங்க கஞ்சத்தனம்னு அப்ப நினைச்சவங்க உண்டாம். ஆனா அந்த நாத்தங்கால் கடைசி வயல் வரைக்கும் வந்துச்சு. மத்தவங்க நாத்துக்கு அலைஞ்சப்ப நாங்க அலையலைன்னு அம்மா சொன்னாங்க.

மடைத் தண்ணிக்குச் சண்டையும் போட்டிருக்காங்க. யாரோடன்னு சொல்ல மாட்டேன், அவரும் இங்க வந்திருக்காரு. சண்டை போட்ட வீட்டுக்கே அடுத்த பொங்கலுக்குப் புது அரிசி போயிருக்கு.

கஜா புயலுக்கு அப்புறம் அப்பாயி வயலுக்குப் போகலை. அவங்க அரிவாள் இன்னும் இறவாணத்துலதான் இருக்கு. எடுக்கணும்னு யாருக்கும் தோணலை."

சண்டை வீட்டுக்குப் புது அரிசி போனது உங்களுக்கு வந்த பதில்களில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எழுதும் வேகத்தில் இப்படித்தான் ஒரு பொய் உள்ளே வந்துவிடும். நன்றாக ஒலிக்கிறது, நிகழ்ந்திருக்கவும்கூடும், ஆனால் யாரும் சொல்லவில்லை. அந்த "அவர்" எழுந்து "எங்க வீட்டுக்கு எதுவும் வரலையேப்பா" என்றால் முன்னால் சொன்ன உண்மை எல்லாம் சந்தேகமாகிவிடும். வரைவு முடிந்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் யார் சொன்னது என்று எழுதுங்கள்: மருமகள், நடவுக்காரர், பட்டா, ஊரறிந்தது. பக்கத்தில் எழுத எதுவும் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். இந்த உரையில் புது அரிசி வாக்கியத்தை அடிக்க வேண்டும். "எடுக்கணும்னு யாருக்கும் தோணலை" என்பதை வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

7. நடையும் நீளமும்

மேலே உள்ள இரண்டு உரையும் பேச்சுத் தமிழில் இருப்பது வேண்டுமென்றே. எழுத்துத் தமிழில் "அவர் தம் வாழ்நாள் முழுவதும் வேளாண்மையில் ஈடுபட்டு" என்று கொடுத்தால் பேரன் அதை வாசிப்பார், பேச மாட்டார். அச்சில் வரும் நினைவு மலருக்கு எழுத்துத் தமிழ் சரி. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலுக்கு அந்த நடை மட்டும் போதாது. செய்யுளும் எதிர்பார்ப்பார்கள், அதற்கு எழுதத் தெரிந்தவரிடம் தனியாகக் கொடுப்பதே மேல்.

உழவைப் பற்றிய குறளில் தொடங்க எல்லோருக்கும் ஆசை வரும். தலைமை தாங்குகிறவரும் அதையேதான் சொல்வார், ஊராட்சித் தலைவரும் அதையேதான் சொல்வார். பேரப்பிள்ளை அதை விட்டுவிடலாம்.

நிதானமான பேச்சில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் போகும். படத்திறப்பில் ஒருவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அப்படியானால் 250 சொல் உச்சம். துக்கம் தொண்டையை அடைக்கிற இடங்களில் நேரம் போகும், அதற்கும் சேர்த்து 200-ல் நிறுத்துவது பாதுகாப்பு. செல்போனில் டைமர் வைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் உடைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் ஒரு வரி இடம் விட்டு அச்சடியுங்கள்.

தாளில் எழுத்து 18 புள்ளி, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம், ஒரு பக்கம் மட்டும். போனில் பார்த்துப் படிக்க வேண்டாம். பந்தல் வெளிச்சத்தில் திரை தெரியாது, நடுவில் யாராவது துக்கம் கேட்டுக் கூப்பிடவும் கூடும். இரண்டாவது பிரதியை உடன்பிறந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இவரால் தொடர முடியாவிட்டால் அவர் அந்த இடத்திலிருந்து படிப்பார்.

பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையிலிருந்து யாராவது திருத்துவார்கள். "ஆறு மா இல்லப்பா, எட்டு மா" என்று குரல் வரும். அப்போது என்ன செய்வது என்று பேசுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: தயங்க வேண்டாம், வாதாட வேண்டாம், "எட்டு மாவாம்" என்று மைக்கிலேயே திருத்திச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.